5 வருடம் கட்டிய பிறகும் வீட்டுக்கடன் ஏன் குறையவில்லை? இஎம்ஐ கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பெங்களூருவில் ஐடி வேலை. 5 வருடத்துக்கு முன்பு 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் எடுத்து ஒரு ஃபிளாட் வாங்கியவர். ஒரு தவணைகூடத் தவறவிடாமல் 60 இஎம்ஐ கட்டியிருக்கிறார். மொத்தம் கட்டியது 16 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். கடன் கொடுத்த நிறுவனத்தின் செயலியில் நிலுவை என்று காட்டிய தொகை 26,61,211 ரூபாய்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரிதான். "பதினாறு லட்சம் கட்டியிருக்கேன், கடன் மூணரை லட்சம்கூட குறையல. ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றவில்லை. அந்த நிலுவைத் தொகை ரூபாய் சுத்தமாகச் சரி. ஆனால் அதே வாரம் அவருக்கு வந்த இன்னொரு கடிதத்தில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருந்தது. அதை அவர் படித்துவிட்டு, "நல்லவேளை, இஎம்ஐ ஏறல" என்று நிம்மதியாக மூடி வைத்துவிட்டார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு வருவோம். அதைப் புரிந்துகொள்ள முதலில் இஎம்ஐ எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

நண்பரின் கடன் விவரம் இது: அசல் 30 லட்சம், ஆண்டு வட்டி 9%, காலம் 20 வருடம், அதாவது 240 மாதம். முதல் 5 வருடத்துக்கு வட்டி மாறாது, அதன் பிறகு சந்தைக்கு ஏற்ப மாறும் என்பது ஒப்பந்தம். மாதத் தவணை 26,992 ரூபாய் (பைசாவோடு சொன்னால் 26,991.78). உங்கள் கடன் வேறு தொகை, வேறு வட்டி என்றாலும் கணக்கு இதேதான்.

ஒரு மாதம் என்ன நடக்கிறது?

ஆண்டுக்கு 9% என்றால் மாதத்துக்கு 0.75%. முதல் மாதம் நீங்கள் பாக்கி வைத்திருப்பது முழு 30 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 22,500 ரூபாய். நீங்கள் கட்டும் 26,992-ல் முதலில் இந்த வட்டி கழிந்துவிடும். மிச்சம் 4,492 ரூபாய்தான் அசலில் கழியும்.

இரண்டாம் மாதம் பாக்கி 29,95,508. அதற்கு வட்டி 22,466. முதல் மாதத்தைவிட 34 ரூபாய் குறைவு. தவணை மாறவில்லை. அதனால் அந்த 34 ரூபாய் அசல் பக்கம் போய்ச் சேருகிறது. இந்த மாதம் அசலில் கழிவது 4,525.

இஎம்ஐ கணக்கு மொத்தமும் இந்த ஒரே செயல்தான், 240 தடவை திரும்பத் திரும்ப. இருக்கும் பாக்கிக்கு வட்டி போடு, தவணையில் அதைக் கழி, மிச்சத்தை அசலில் கழி. வேறு எந்த ரகசியமும் இல்லை.

ஆனால் இதற்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. முதல் மாதம் அசலுக்குப் போனது 4,491.78. இரண்டாம் மாதம் 4,525.47. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்: சரியாக 1.0075 வரும். மூன்றாம் மாதத்திலும் அதே விகிதம். அதாவது, அசலுக்குப் போகும் பங்கு ஒவ்வொரு மாதமும் 0.75% வளர்கிறது. கடனுக்குப் போடுகிற அதே வட்டி விகிதத்தில், கூட்டு வட்டி போல.

கூட்டு வட்டியின் குணம் உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஆமை மாதிரி நகரும், கடைசியில் ஓடும். இங்கேயும் அப்படித்தான். நண்பரின் தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவது 149-வது மாதத்தில், அதாவது 12 வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. அசல் பாதியாகக் குறைய 14 வருடம் ஆகிறது. மீதிப் பாதி 15 லட்சம் கடைசி 6 வருடத்தில் தீர்ந்துவிடும்.

60 தவணை என்பது 240-ல் கால் பங்கு, எனவே கடனும் கால் பங்கு குறைந்து 22.5 லட்சமாக இருக்க வேண்டும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. நண்பருக்கு வந்த சந்தேகத்தின் வேர் அதுதான். கடன் நேர்கோட்டில் இறங்குவதில்லை.

26,992 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

இஎம்ஐ சூத்திரத்தைப் பார்த்தால் பலருக்கும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை ஞாபகம் வரும். ஆனால் மேலே பார்த்த ஒழுங்கை வைத்தே அதைப் பிடித்துவிடலாம்.

அசலுக்குப் போகும் 240 பங்குகளையும் கூட்டினால் 30 லட்சம் வர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. முதல் பங்கு வெறும் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 0.75% வளர்ந்தால் 240 மாதத்தில் மொத்தம் எவ்வளவு சேரும்? 1.0075-ஐ 240 தடவை பெருக்கினால் 6.009152. அதில் 1-ஐக் கழித்து 0.0075-ஆல் வகுத்தால் 667.887. அதாவது 1 ரூபாயில் தொடங்கினால் 667 ரூபாய் 89 பைசா கடன்தான் அடையும். நமக்கு அடைய வேண்டியது 30 லட்சம். 30 லட்சத்தை 667.887-ஆல் வகுத்தால் 4,491.78. இதுதான் முதல் மாத அசல் பங்கு. இதோடு முதல் மாத வட்டி 22,500-ஐக் கூட்டினால் 26,991.78. இஎம்ஐ கையில் வந்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் இதையே ஒரே வரியில் எழுதுவார்கள். P என்பது அசல், r என்பது மாத வட்டி, n என்பது மாதங்களின் எண்ணிக்கை:

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இதுகூட வேண்டாம். ஒரு கட்டத்தில் இதை டைப் செய்தால் போதும்:

```
=PMT(9%/12, 240, -3000000)
```

இங்கே அதிகம் பேர் சறுக்குவது இரண்டு இடத்தில். வட்டியை 12-ஆல் வகுக்காமல் 9% என்றே போட்டுவிடுவது ஒன்று. மாதத்துக்கே 9% வட்டி என்று எடுத்துக்கொண்டு, தவணை 2.7 லட்சம் என்று பயமுறுத்தும். காலத்தை 20 என்று வருடத்தில் போட்டுவிடுவது இன்னொன்று. வட்டி மாதக் கணக்கில் இருந்தால் காலமும் மாதக் கணக்கில் இருக்க வேண்டும்.

60 தவணைக்குப் பிறகு பாக்கி எவ்வளவு?

முதல் பங்கு தெரியும், வளர்ச்சி விகிதம் தெரியும். இனி எந்த மாதத்து நிலுவையையும் கண்டுபிடிக்க 60 வரி அட்டவணை போட வேண்டியதில்லை.

1.0075-ஐ 60 தடவை பெருக்கினால் 1.565681. ஒன்றைக் கழித்து 0.0075-ஆல் வகுத்தால் 75.424. இதை முதல் பங்கான 4,491.78-ஆல் பெருக்கினால் 3,38,789. 60 தவணையில் அசலில் கழிந்த மொத்தத் தொகை இதுதான். 30 லட்சத்தில் இதைக் கழித்தால் 26,61,211. செயலியில் காட்டிய அதே தொகை.

நண்பர் கட்டிய 16.19 லட்சத்தில் மீதி 12,80,718 ரூபாய் வட்டியாகப் போயிருக்கிறது. கேட்க வயிற்றைக் கலக்கும், ஆனால் 30 லட்சத்தை 5 வருடம் கையில் வைத்திருந்ததற்கு 9% வீதம் கொடுத்த வாடகை அது.

ஷீட்ஸில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது:

```
=FV(9%/12, 60, 26991.78, -3000000)
```

60 என்ற இடத்தில் உங்களுக்கு வேண்டிய எண்ணைப் போட்டால், அத்தனை தவணை கட்டிய பிறகு நிற்கும் நிலுவை வந்துவிடும். கடன் தொகைக்கு முன்னால் இருக்கும் மைனஸ் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் கட்டிய தொகையும் கடனோடு கூடி, தாறுமாறான ஓர் எண் வரும்.

விடை சரியா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. இனி கட்ட வேண்டியது 180 தவணை. 180-ஐ 26,992-ஆல் பெருக்கினால் 48.59 லட்சம். சில செயலிகள் 'இன்னும் செலுத்த வேண்டியது' என்று இந்தத் தொகையைக் காட்டும். அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். வருங்கால வட்டியும் அதில் அடக்கம். அந்த 180 தவணைகளின் இன்றைய மதிப்பு என்ன என்பதுதான் உங்கள் நிலுவை. `=PV(9%/12, 180, -26991.78)` என்று போட்டால் அதே 26,61,211 வருகிறது (பைசா ரவுண்டிங்கில் ஒரு ரூபாய் முன்பின் இருக்கலாம்). பின்னாலிருந்து பார்த்தாலும் முன்னாலிருந்து பார்த்தாலும் ஒரே எண் வந்தால், கணக்கு சரி.

உங்கள் எண்ணும் வங்கியின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால்

சில நூறு ரூபாய் வித்தியாசம் வந்தால் கவலை இல்லை. தவணையை முழு ரூபாய்க்கு மாற்றுவதாலும், மாதத்துக்கு எத்தனை நாள் என்று கணக்கிடும் முறையாலும் வரும். பல ஆயிரம் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும்.

கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்குக் கடன் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஆரம்பத்திலேயே இருக்கும். கடன் தொகை ஒரே தடவையில் வராமல், கட்டடம் எழும்ப எழும்பப் பகுதி பகுதியாக பில்டருக்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் நீங்கள் கட்டியது வெறும் வட்டி. 'ப்ரீ-இஎம்ஐ' என்பார்கள். ஒரு பைசா அசல்கூட அதில் கழியாது. 18 மாதம் ப்ரீ-இஎம்ஐ கட்டிவிட்டு அதையும் 60-ல் சேர்த்து எண்ணினால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். தவணைகளை முழு இஎம்ஐ தொடங்கிய மாதத்திலிருந்து எண்ணுங்கள்.

அடுத்தது, கடன் தொகையே நீங்கள் நினைத்ததாக இல்லாமல் இருப்பது. வீட்டுக்கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டின் பிரீமியத்தையும் அசலில் ஏற்றியிருப்பார்கள். 30 லட்சம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அனுமதிக் கடிதத்தில் 30 லட்சத்துச் சொச்சமாக இருக்கும். அந்தக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடனை முடிக்க அல்லது வேறு வங்கிக்கு மாற்றக் கடிதம் கேட்டிருந்தால், அதில் இருக்கும் தொகை நிலுவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கடைசித் தவணைக்குப் பிறகான நாட்களுக்கு வட்டி ஓடிக்கொண்டிருப்பதால் அப்படி. நண்பரின் கடனுக்கு இது ஒரு நாளைக்குச் சுமார் 656 ரூபாய். 20 நாள் தள்ளினால் 13,000 ரூபாய். அதனால்தான் அந்தக் கடிதங்களில் 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று போட்டிருக்கும்.

மேலே சொன்ன எதுவும் இல்லையா? அப்படியானால் நடுவில் வட்டி மாறியிருக்கிறது. நண்பரின் கடிதத்துக்கு வந்துவிட்டோம்.

'உங்கள் இஎம்ஐயில் மாற்றம் இல்லை'

5 வருடம் முடிந்ததும் நிலையான வட்டிக் காலம் முடிந்தது. வட்டி 9%-லிருந்து 10% ஆகிறது, உங்கள் மாதத் தவணையில் மாற்றம் இல்லை என்று கடிதம் சொன்னது. நண்பர் படித்தது அதுவரைதான். கீழே ஒரு வரியில் மீதமுள்ள தவணைகள் 208 என்று இருந்தது.

அன்றைய தேதிக்கு அவருக்கு மிச்சமிருந்தது 180 தவணை. ஆக, சத்தமில்லாமல் 28 மாதம் கூடியிருக்கிறது. இரண்டேகால் வருடத்துக்கும் மேல்.

இது ஏன் நடக்கிறது என்று பழைய ஒரு மாதக் கணக்கையே போட்டுப் பாருங்கள். பாக்கி 26,61,211. பழைய வட்டியில் 61-வது மாதம் வட்டிக்கு 19,959 போய், அசலுக்கு 7,033 போயிருக்கும். 10% ஆனதும் அதே பாக்கிக்கு வட்டி 22,177. அசலுக்கு மிச்சம் 4,815 மட்டும். கடன் எடுத்த முதல் மாதத்தில் அசலுக்குப் போனது 4,492 என்று பார்த்தோம் இல்லையா? 5 வருடம் பொறுமையாகக் கட்டி 7,000 வரை வளர்த்த பங்கு, ஒரே ஒரு சதவீத வட்டி உயர்வில் முதல் வருட நிலைக்கே திரும்பிவிட்டது.

எத்தனை மாதம் கூடும் என்று கண்டுபிடிக்க:

```
=NPER(10%/12, 26991.78, -2661211)
```

விடை 207.7. கடைசித் தவணை மட்டும் கொஞ்சம் சிறியதாக இருக்கும், மொத்தம் 208.

வட்டி மாறும் கடனுக்குக் கணக்குப் போடும் முறையும் இதில் அடங்கியிருக்கிறது. 20 வருடத்துக்கும் ஒரே சூத்திரத்தை ஓட்ட முடியாது. வட்டி மாறும் ஒவ்வொரு தேதியிலும் நிறுத்தி, அன்றைய நிலுவையைக் கண்டுபிடித்து, அதை ஒரு புதிய கடனாக நினைத்து அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். நாலு தடவை வட்டி மாறியிருந்தால் நாலு தடவை `FV`. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியா முழுக்க லட்சக்கணக்கான கடன்தாரர்கள் இதை 2022-ல் அனுபவித்தார்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரெப்போ வட்டி 2022 மே மாதத் தொடக்கத்தில் 4% ஆக இருந்தது. 2023 பிப்ரவரியில் அது 6.5%. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம்.

ஏற்றத்துக்கு முன்பு 7% வட்டியில், 20 வருடத்துக்கு, 30 லட்சம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தவணை 23,259. எளிமைக்காக, 12 தவணை கட்டிய பிறகு மொத்த உயர்வும் ஒரே தடவையில் வந்து வட்டி 9.5% ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாக்கி 29,28,631. அதற்கு ஒரு மாத வட்டி 23,185. தவணையில் அசலுக்கு மிஞ்சுவது 74 ரூபாய். தவணையை ஏற்றாமல் விட்டால் கடன் அடைய இன்னும் சுமார் 729 மாதம், அதாவது 60 வருடத்துக்கும் மேல் ஆகும்! நிஜத்தில் வட்டி படிப்படியாக ஏறியதால் இடையிலேயே அசல் இன்னும் மெதுவாகக் கழிந்தது. அதனால் இதேபோன்ற சில கடன்களில் தவணை மாத வட்டிக்கே போதாமல் போகும் நிலை வந்தது. கட்டக் கட்டக் கடன் வளரும் நிலை அது.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பழைய கடன்களுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தச் சொன்னது. வங்கிகளோடு வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகள் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டும் அறிக்கை தர வேண்டும்.

நண்பரின் கடிதத்தில் தேர்வு எதுவும் கேட்கப்படவில்லை. காலம் தானாக நீட்டப்பட்டிருந்தது. அவர் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

தேர்வு செய்வதற்கு முன் மூன்று எண்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனில் பேசிக்கொண்டே இந்தக் கணக்கை இருவரும் போட்டோம். எதையும் செய்யாமல் விட்டால், இனி கட்டப்போவது சுமார் 56.06 லட்சம்.

180 மாதத்திலேயே முடிய வேண்டும் என்றால் தவணை எவ்வளவு? புதிய கடன் எடுப்பதாக நினைத்து `=PMT(10%/12, 180, -2661211)` என்று போட்டால் 28,598 வருகிறது. மாதத்துக்கு 1,606 ரூபாய் கூடுதல். இனி கட்டப்போகும் மொத்தம் சுமார் 51.48 லட்சம். முதல் வழிக்கும் இதற்கும் 4.6 லட்ச ரூபாய் வித்தியாசம்.

மூன்றாவது வழி, தவணையும் மாறாமல் காலமும் மாறாமல் இருக்க, இப்போதே ஒரு தொகையைக் கட்டிவிடுவது. எவ்வளவு? பழைய தவணையை 180 மாதம் கட்டினால் 10% வட்டியில் எவ்வளவு கடன் அடையும் என்று `PV` போட்டுப் பார்த்தோம்: 25,11,786. நிலுவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,49,425. அந்த ஒரு லட்சத்து 49 ஆயிரத்தை இப்போது அசலில் கட்டினால் பழையபடியே 15 வருடத்தில் முடிந்துவிடும். தனிநபர்களின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் கிடையாது. அவருடைய கடன் இப்போது மிதக்கும் வட்டிக்கு வந்துவிட்டதால் அந்தச் சலுகை அவருக்கும் உண்டு. ஆனால் இப்படிக் கட்டும்போது, 'காலத்தைக் குறையுங்கள்' அல்லது 'தவணையைக் குறையுங்கள்' என்று எது வேண்டுமோ அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். '4.6 லட்சம் மிச்சம்' என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், அது 15 வருடத்துக்குப் பிறகு தொடங்கும் 28 மாதங்களில் மிச்சமாகும் பணம். அதற்காக இன்றிலிருந்து மாதம் 1,606 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கூடுதல் பணத்துக்கு 10% வருமானம், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவர் முதலில் அதை அடைப்பதுதான் புத்திசாலித்தனம். அவசரத்துக்கு என்று கையில் ஒன்றும் இல்லாதவர் ஒன்றரை லட்சத்தைத் தூக்கி வீட்டுக்கடனில் போடக் கூடாது. அதைத் திரும்ப எடுப்பது சுலபமில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காலத்தை நீட்டுவதும் தவறான முடிவு இல்லை. அதைத் தெரிந்து எடுக்கிறோமா, கடிதத்தின் கடைசி வரியில் நமக்காக வேறு யாரோ எடுத்துவிட்டார்களா என்பதுதான் கேள்வி.

நண்பரிடம் ஒன்றரை லட்சம் தனியாக இல்லை. மாதம் 1,606 சமாளிக்க முடியும் என்றார். மீதமுள்ள தவணைகளை 180 ஆகவே வைத்துத் தவணையை உயர்த்தித் தருமாறு, கடன் கணக்கு எண்ணோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. புதிய தவணை 28,598, மீதம் 180.

அடுத்த மாத அறிக்கை வந்ததும் அவர் முதலில் பார்க்கப்போவது இரண்டு எண்களை. வட்டி 22,177, அசல் 6,421 என்று இருக்க வேண்டும். வேறு எதுவாவது இருந்தால் மறுபடி போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.